‘புரோ ராட்டா’, ‘யூசர் சென்ட்ரிக்’: தமிழில் எப்படிச் சொல்வது?

பாட ஆசிரியை, அடையாறு

அனைவருக்கும் வணக்கம். இசைத்தொழில் வகுப்பில் அடுத்து ஸ்ட்ரீமிங் ராயல்டி நடத்த வேண்டும். சந்தாப் பணத்தைப் பிரிப்பதில் இரண்டு முறைகள். புரோ ராட்டா என்பது ஸ்பாடிஃபை போன்ற பெரிய செயலிகளில் இருப்பது. யூசர் சென்ட்ரிக் என்பதை, சுயமாகப் பாடல் ஏற்றும் கலைஞர்களுக்காக சவுண்ட்கிளவுட் 2021இல் கொண்டுவந்தது. முதலாவதை ‘விகிதாச்சாரப் பங்கீடு’ என்றும் அடுத்ததை ‘பயனர்மையப் பங்கீடு’ என்றும் எழுதி வைத்திருக்கிறேன். மாணவர்களில் பாதிப்பேர் வாசிப்பவர்கள், பாடுபவர்கள். பெயரைப் பார்த்ததுமே பணம் எப்படிப் போகிறது என்று பிடிபட வேண்டும்.

மென்பொருள்காரர், பெருங்குடி

எதற்கு இவ்வளவு சுற்று? ஒருதடவை கேட்டால் கலைஞருக்கு இத்தனை பைசா, அவ்வளவுதானே. ‘கேட்புக்கூலி’ என்று வைத்துவிடுங்கள்.

ராயல்டி கணக்கர், தி. நகர்

அந்தப் பைசா முன்கூட்டியே யாரும் நிர்ணயித்த விலை இல்லை, தம்பி. சில ஒப்பந்தங்களில் குறைந்தபட்சத் தொகை என்று ஒன்று இருக்கும், அந்த அளவுக்கு நீங்கள் சொல்வது சரி. மற்றபடி மாத முடிவில் மொத்தப் பணத்தை மொத்தக் கேட்புகளால் வகுத்தால் வருவதுதான் அது. மாதத்துக்கு மாதம் மாறும்.

கணக்காகவே பார்ப்போம். ஒரு செயலியில் இரண்டே சந்தாதாரர்கள், ஆளுக்கு 100 ரூபாய். செயலி 30 எடுத்துக்கொண்டால் ஆளுக்கு 70, மொத்தம் 140 மிஞ்சும். மயிலாப்பூரில் ஒரு பெரியவர் மாதம் முழுக்க ஒரே வீணைக் கலைஞரை 20 தடவை கேட்கிறார். அவர் பேரன் சினிமாப் பாட்டை 480 தடவை ஓடவிடுகிறான். புரோ ராட்டாவில் 500 கேட்பில் 20, அதாவது நூற்றுக்கு 4. வீணைக்குப் போவது 5 ரூபாய் 60 காசு. பெரியவர் கட்டிய பணத்தில் பெரும்பகுதி அவர் கேட்காத பாட்டுக்குப் போய்விடுகிறது. யூசர் சென்ட்ரிக்கில் அவருடைய 70 ரூபாயும் வீணைக்கே.

அம்மா, ‘விகிதாச்சாரம்’ எனக்கு ஒப்பவில்லை. இரண்டு முறையிலும் விகிதாச்சாரம் இருக்கிறது. பெரியவர் இரண்டு கலைஞர்களைக் கேட்டிருந்தால் அவருடைய 70ஐயும் விகிதப்படிதான் பிரிப்பார்கள். எந்தத் தொகையைப் பிரிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

வயலின் வாசிப்பவர், வடபழனி

ஐயா, கூலி என்றதும் கேட்கிறேன். ரெக்கார்டிங்குக்குப் போய் வாசித்துக் கொடுக்கிறேன், அன்றைக்கே கையில் காசு, கையெழுத்து, முடிந்தது. அந்தப் பாட்டு இப்போது எல்லா ஆட்டோவிலும் ஓடுகிறது. இரண்டில் எந்த முறை வந்தால் எனக்கு ஏதாவது வரும்?

ராயல்டி கணக்கர், தி. நகர்

இரண்டிலும் செயலியிடமிருந்து நேராக வராது. செயலி பிரித்துக் கொடுப்பது ஒலிப்பதிவின் உரிமையாளருக்கும் பாட்டு, மெட்டு உரிமையாளருக்கும். வாசித்தவருக்குப் பங்கு உண்டு என்று உங்கள் ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால் அதற்குப் பிறகு உங்களிடம் வரும். அந்த வீணைக் கலைஞரும் பதிவை மொத்தமாக விற்றுவிட்டிருந்தால் அந்த 70 ரூபாயில் பதிவுக்கான பங்கு கம்பெனிக்குத்தான். வகுப்பில் இதை முதலில் சொல்லிவிடுங்கள் அம்மா. இல்லாவிட்டால் முறை மாறினால் எல்லாருக்கும் விடிந்துவிடும் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

தமிழாசிரியர், ஓய்வு, மாம்பலம்

அப்படியானால் ‘பொதுத்தொகைப் பங்கீடு’, ‘தனிச்சந்தாப் பங்கீடு’. ஒன்றில் எல்லார் பணமும் ஒன்றாகக் கலக்கிறது, மற்றதில் அவரவர் சந்தா தனியாக நிற்கிறது. ‘பயனர்மையம்’ நன்றாக ஒலிக்கிறது, ஆனால் பணம் எங்கே போகிறதென்று சொல்லவில்லை. கச்சேரிக்காரர்களுக்குத் தனிச்சந்தாதான் நல்லது என்று எனக்குப் படுகிறது.

ராயல்டி கணக்கர், தி. நகர்

பெயர்கள் நன்று. கடைசி வரியில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும், ஐயா. குறைவாகக் கேட்கும் ரசிகர்கள் உள்ளவருக்குத்தான் லாபம். நாளெல்லாம் ஓடவிடும் ரசிகர்கள் ஒரு சின்ன ராப் கலைஞருக்கு இருந்தால் அவருக்கு நஷ்டம், அவரும் பெரிய நட்சத்திரம் இல்லை.

இன்னொன்று, ஸ்பாடிஃபையில் 30 விநாடி ஓடினால் ஒரு கேட்பு. 40 நிமிட ராகம் தானம் பல்லவியும் ஒரு கேட்பு, 3 நிமிடப் பாட்டும் ஒரு கேட்பு. பெரியவர் பல்லவியோடு நாலு சினிமாப் பாட்டும் கேட்டால், தனிச்சந்தாவிலும் பல்லவிக்கு ஐந்தில் ஒரு பங்குதான். நேரத்தை வைத்துப் பிரித்தால் கதையே வேறு.

மென்பொருள்காரர், பெருங்குடி

சரி, கூலியை வாபஸ் வாங்குகிறேன். ஆனால் நான் சந்தாவே கட்டுவதில்லை, விளம்பரத்தோடு கேட்கிறேன். என் கணக்கில் ‘தனிச்சந்தா’ எங்கே இருக்கிறது?

பாட ஆசிரியை, அடையாறு

‘பொதுத்தொகைப் பங்கீடு’ என்பதைக் குறிப்பில் போட்டுவிட்டேன். மற்றதற்கு இப்போதைக்கு ‘தனிச்சந்தா’தான். விளம்பரப் பணத்தையும் சேர்த்தால் ‘கேட்பவர்வாரிப் பங்கீடு’ பொருந்துமா? மாம்பலம் ஐயா, புணர்ச்சியைப் பார்த்துச் சொல்லுங்கள்.