வன்கோமைசின் லெவலுக்கு இரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

முத்தையன்கட்டு மருமகன்

மாமாவுக்கு 68 வயது, 48 கிலோ. காலில் மண்வெட்டி பட்ட காயம் எலும்பு வரைக்கும் போய், கல்ச்சரில் எம்ஆர்எஸ்ஏ, வழமையான மருந்துக்கு அடங்காத கிருமி, என்று வந்தது. வன்கோமைசின் 1 கிராம், விடிய 6 மணிக்கும் பின்னேரம் 6 மணிக்கும் ஏற்றினார்கள். கிரியட்டினின் 1.1, கிட்னி நல்லம் என்றார்கள்.

மூன்றாவது டோஸ் விடிய 8 மணிக்கு ஏறி முடிந்தது. 9 மணிக்கு வாட்டில் எல்லாருக்கும் இரத்தம் எடுப்பார்கள், அதோடு சேர்த்து, இரத்தத்தில் மருந்து எவ்வளவு நிற்கிறது என்று பார்க்கிற லெவலுக்கும் எடுத்துவிட்டார்கள். மத்தியானம் 42 என்று ரிப்போர்ட் வந்ததும் இந்த மருந்தே வேண்டாம், அடியோடு நிறுத்துவோம் என்ற கதை வந்தது. கிருமிக்குப் பிடிக்கிற மருந்தை நிறுத்தினால் காலின் கதி என்ன என்று மாமி அழத் தொடங்கிவிட்டா.

அப்போது பெரிய டொக்டர் போனில் கேட்ட ஒரு கேள்விதான் இன்னும் மனதில் நிற்கிறது. "மருந்து ஏறி முடிஞ்சது எத்தனை மணிக்கு, இரத்தம் எடுத்தது எத்தனை மணிக்கு?" சின்ன டொக்டர் டிக்கட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கிறா, அதில் மருந்து கொடுத்ததற்குக் கையெழுத்து இருக்கிறது, நேரம் இல்லை. குப்பியிலும் திகதி மட்டும்தான். கட்டிலடியில் நின்ற நான்தான் எட்டு மணி, ஒன்பது மணி என்று சொன்னேன். மருந்து ஏறின கையோடு எடுத்த அந்த 42 நிறுத்துவதற்கான கணக்கு இல்லை, பின்னேர டோஸுக்கு முன் திரும்ப எடுங்கள், முடிவு வரும்வரை ஏற்ற வேண்டாம் என்றார் அவர். 5.30 மணிக்கு எடுத்தது 28 என்று வந்தது. அதுவும் கூடத்தான். இப்படி உங்களுக்கும் நடந்ததா?

வவுனிக்குளம் ரவி

லெவல் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக் கதை அண்ணை. எங்கள் பக்கத்தில் அதற்கு இரத்தத்தை வெளியில் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் கிரியட்டினின் பார்த்து, சலம் ஒழுங்காகப் போகிறதா என்று கவனித்தாலே காணும். என் தம்பிக்கு ஜென்டமைசின் என்ற கிருமி மருந்து போட்டபோது அப்படித்தான் பார்த்தார்கள், லெவல் எடுக்கவில்லை, இரண்டு நாளில் ஊசியும் முடிந்தது, அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மருந்தகத்துக்காரி

ரவி தம்பி சொல்வதில் பாதி சரி. இரண்டு மூன்று நாளில் முடிகிற ஜென்டமைசினுக்கு, கிட்னி நல்லாக இருந்தால், பல இடங்களில் லெவல் எடுப்பதில்லை. ஆனால் சலம் போகிறதை வைத்து நம்பாதீர்கள். ஜென்டமைசின் கிட்னியைக் கெடுக்கும்போது சலம் பெரும்பாலும் குறையாது, வழமை போலவே போகும். மருந்து கிட்னிக் குழாய்களின் கலத்துக்குள் போய்ச் சேர்ந்து இருந்துவிடும், கிரியட்டினின் ஏறுவது அநேகமாக ஐந்து ஏழு நாள் கழித்துத்தான். அதற்கு முதலே தெரியவருவது அடுத்த டோஸுக்கு முன் எடுக்கிற லெவலில். நாளுக்கு ஒரு தடவை கிலோவுக்கு 5 மில்லிகிராம் போடுகிறவருக்கு அது 1க்குக் கீழே இருக்க வேண்டும். அந்த இடைவெளியில் மருந்து இறங்கினால்தான் கிட்னிக்கு ஓய்வு. இறங்காவிட்டால் டோஸைத் தள்ளிப்போட வேண்டும்.

மருமகன் அண்ணை, உங்கள் மாமாவின் 1.1 என்னைப் பயப்படுத்துகிறது. மெலிந்த வயதானவரிடம் தசை குறைவு, அதனால் கிரியட்டினினும் குறைவாகத்தான் உற்பத்தியாகும். 140இல் வயதைக் கழித்து 48 கிலோவால் பெருக்கி, 72 தர 1.1 ஆல் பிரித்துப் பாருங்கள், நிமிடத்துக்கு 44 மில்லிலீட்டர் வரும். நல்ல கிட்னியின் பாதியளவுகூட வராது. அவருக்கு நாளுக்கு 2 கிராம் தொடக்கத்திலேயே கூடத்தான். அடுத்த நாள் லெவல் எடுத்தார்களா?

முத்தையன்கட்டு மருமகன்

எடுத்தார்கள் தங்கச்சி. 28 வந்தபிறகு மருந்து ஏற்றவில்லை, 24 மணித்தியாலம் கழித்து 11. கிரியட்டினின் அதற்குள் 1.6.

மருந்தகத்துக்காரி

அப்படியென்றால் அவருடைய உடம்பில் மருந்து பாதியாக ஏறத்தாழ 18 மணித்தியாலம் எடுக்கிறது. நல்ல கிட்னிக்கு ஆறு மணித்தியாலம் போதும். 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை போட்டால் பழையது போவதற்குள் புதியது வந்து ஏறிக்கொண்டே இருக்கும். என் கணக்கில் நாளுக்கு ஒரு தடவை 750 மில்லிகிராம் பொருந்தும். முடிவு டொக்டருடையது.

முத்தையன்கட்டு மருமகன்

அதேதான் எழுதினார்கள், நாளுக்கு 750. பிறகு கிரியட்டினின் 1.2க்கு இறங்கியது.

இரவு டியூட்டி

நான் வாட்டில் வேலை செய்கிறவள். எங்களுக்கு ஒரு தடவை 90க்கு மேல் வந்தது, எல்லாரும் ஓடினார்கள். பார்த்தால் மருந்து ஏறின அதே லைனிலிருந்து இரத்தத்தை எடுத்திருக்கிறார்கள், குழாயில் நின்ற மருந்தும் சேர்ந்து வந்துவிட்டது. மற்றக் கையில் குத்தி எடுத்தோம், 17.

இதைப் படிக்கிற வீட்டுக்காரருக்கு, நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கட்டிலடியில் ஒரு கொப்பி வைத்திருங்கள். மருந்து தொடங்கின நேரம், முடிந்த நேரம், இரத்தம் எடுத்த நேரம், எந்தக் கை. 1 கிராம் வன்கோமைசின் 100 நிமிடத்துக்குக் குறைய ஏறக்கூடாது, கெதியாக ஏறினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், அது அநேகமாக ஒவ்வாமை இல்லை, மருந்தின் வேகம். ஆனாலும் உடனே மிஸ்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டிலிருந்து கொண்டுவந்த நோக்குளிசையைக் கொடுக்காதீர்கள், டைக்லோபெனாக் போன்றவை இந்த மருந்துகளோடு சேர்ந்தால் கிட்னி இரட்டைச் சுமை சுமக்கும். லெவல் வருவதற்கு முன் அடுத்த போத்தலைத் தொங்கவிட வந்தால், லெவல் வந்ததா என்று கேளுங்கள், கேட்டால் எங்களுக்குக் கோபம் வராது. அந்த நேரம் வாட்டில் ஆட்கள் குறைவு, ஒரு மிஸ் எத்தனை கட்டிலைத்தான் பார்ப்பா?

ஒட்டுசுட்டான் செல்வி

இந்தப் பக்கம் கிட்னி வருத்தம் கிணற்றுத் தண்ணியால் என்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? எங்கள் அம்மாவுக்கு முந்தி கனநாள் ஜென்டமைசின் போட்டார்கள். கிட்னி தப்பியது. ஆனால் எழும்பி நடந்தால் சுவரைப் பிடிப்பா, இருட்டில் ஒரு அடி வைக்கமாட்டா, காதும் மந்தம். அது இன்னும் திரும்பவில்லை. லெவல் எடுத்ததாக யாரும் சொல்லவில்லை.

மருந்தகத்துக்காரி

தண்ணிப் பிரச்சினை வேறு அக்கா. ஆனால் ஏற்கெனவே கிட்னி பழுதான ஒருவருக்கு இந்த மருந்து போட்டால் கெதியாகச் சேரும், அதனால் அந்தக் கதையை டொக்டரிடம் முதலே சொல்லவேண்டும். காதும் தள்ளாட்டமும் ஜென்டமைசினின் இன்னொரு முகம், அநேகமாகத் திரும்பி வராது. லெவல் சரியாக இருந்தும் சிலருக்கு வரும், அதனால் தலை சுற்றுகிறது, காதில் இரைகிறது என்றால் அன்றைக்கே சொல்லவேண்டும்.

வவுனிக்குளம் ரவி

அப்போ லெவல் சரியாக இருந்தாலும் பயம்தான். பிறகு ஏன் அதற்கு இவ்வளவு பாடு? வன்கோமைசினுக்கு 15 முதல் 20 வரை வைத்திருந்தால் சரி என்று எங்கள் டொக்டர் சொன்னது ஞாபகம், நீங்கள் வேறு கணக்குப் போடுகிறீர்கள்.

மருந்தகத்துக்காரி

2020க்கு முன் அப்படித்தான் பலரும் பார்த்தார்கள். அந்த ஆண்டு அமெரிக்க வழிகாட்டி, எம்ஆர்எஸ்ஏ கடுமையாக இருக்கிறவருக்கு ஒரு நாள் முழுக்க உடம்பு காணும் மருந்தின் மொத்தத்தைக் கணக்கிடச் சொன்னது. அது 400க்கும் 600க்கும் இடையில் நிற்க வேண்டும், 15 முதல் 20 வரை பிடித்து வைப்பதில் கிட்னி அதிகம் பழுதாகிறது என்பது அவர்கள் வாதம். மாமாவின் 750க்கு என் கணக்கில் 430 அளவில் வருகிறது. ஆனால் அதற்குப் பெரும்பாலும் இரண்டு தடவை இரத்தம் வேண்டும். அனுப்பிக் காத்திருக்கிற இடத்தில் அது எவ்வளவு சாத்தியம் என்பதில் எனக்கும் எங்கள் டொக்டருக்கும் இன்னும் வாக்குவாதம்தான்.

இரவு டியூட்டி

ஒரு குப்பியே நேரம் எழுதாமல் போகிற இடத்தில் இரண்டா? முதலில் அந்த ஒன்றில் நேரத்தை எழுதவைப்போம்.

முத்தையன்கட்டு மருமகன்

மிஸ், இங்கே குப்பியில் ஒட்டுகிற துண்டில் நேரத்துக்கு இடமே இல்லை. உங்கள் வாட்டில் எங்கே எழுதுகிறீர்கள்?