சொயில் ரிப்போட்ல 1.5 மீற்றர் எண்டா எங்கயிருந்து 1.5 மீற்றர்? (என்ர அனுபவம், உங்கட அனுபவத்தையும் போடுங்கோ)

நாவலை சைட்காரன்

வணக்கம், ஒரு நாலு மாடி சைட்ல நடந்த கதை, நாவலைப் பக்கம், காணியின்ர ஒரு மூலை கால்வாயைப் பாத்தபடி கிடக்கு. ட்ரோயிங்ல ஃபூட்டிங் எல்லாம் 1.5 மீற்றர் ஆழத்தில, மண் சதுர மீற்றருக்கு 150 கிலோ நியூட்டன் தாங்கும் எண்டு ஒரே நோட். சொயில் ரிப்போட் கேட்டு வாங்கினனான், உண்மையைச் சொன்னா கடைசிப் பக்கத்தை மட்டும்தான் பாத்தனான், அங்கயும் 150 எண்டு இருந்தது, சரி எண்டு பெக்கோவைக் கூப்பிட்டுக் கிண்டத் தொடங்கியாச்சு.

முதல் குழி 1.5 போனதும் அடியில புல்லு வேர் வருது. அந்த ஆழத்தில என்னெண்டு புல்லு வேர் வரும் எண்டு பாஸ்தான் கேட்டார், நான் யோசிக்கேல்ல. பேந்துதான் விளங்கிச்சு, மண் பாக்கப் போர்ஹோல் போட்டு எட்டு மாசத்துக்குப் பிறகு ஓனர் டிப்பர் டிப்பரா கிரவல் கொண்டந்து 0.9 மீற்றர் உயத்தி இருக்கிறார். போர்ஹோல் லொக்ல இருக்கிற பூச்சியம் பழைய தரை, என்ர பூச்சியம் கிரவலுக்கு மேல. அதாவது நான் பழைய மண்ணுக்குள்ள வெறும் 0.6தான் போயிருக்கிறன், ரிப்போட் சொன்ன இடத்துக்குப் போக 2.4 கிண்ட வேணும். லொக்கின்ர தலைப்பில தரை மட்டம் எவ்வளவு எண்டு ஒரு பெட்டி இருந்தது, அதில இலக்கமும் போட்டுத்தான் இருந்தது, நான் ஒப்பிட்டுப் பாக்கேல்ல.

சரி எண்டு 2.4க்கு இறக்கினம். கால்வாய் மூலைக் குழியில தண்ணி நிண்டபடியா இறைக்கிறதுக்கு ஒரு பக்கத்தில இன்னும் ஆழமாக் கிண்டச் சொன்னன். வந்தது கறுப்பா, நாத்தமா, நார் நாரா ஒரு சாமான். அண்டைக்கு இரவுதான் ரிப்போட்டை முதல் பக்கத்தில இருந்து வாசிச்சன். மூண்டு போர்ஹோல்ல 1உம் 3உம் நல்ல மண், 2இல பழைய தரையில இருந்து 3 மீற்றர்ல பீற் தொடங்கி 6.2 வரைக்கும் போகுது. 150 எண்டது 1உம் 3உம் இருக்கிற பக்கத்துக்கு மட்டும் எண்டு ஒரு வசனம் நடுவில எழுதியும் இருக்கு!! ட்ரோயிங் கீறினவருக்குப் போனது கடைசிப் பக்கம் மட்டும் போல.

இப்ப எனக்கு ஒரு குழப்பம். பீற்றுக்குள்ள சுத்தியலால குழாயை அடிச்சு இறக்கி எடுத்த N வேல்யூ மூண்டு இருக்கு, 1, 17, 2. சராசரி 7 வருது, ரிப்போட்லயும் அந்தப் படைக்கு 7 எண்டுதான் போட்டிருக்கினம். 7 எண்டா அவ்வளவு மோசமில்லைத்தானே?

பழைய டிரில்லர்

தம்பி, அந்த 17ஐ என்னட்ட விடுங்கோ, நான் உந்த ரிக்குகளோட இருபது வருசம் நிண்டவன். லொக்ல N வேல்யூக்கு முன்னால மூண்டு சின்னக் கட்டம் இருக்கும், ஒவ்வொண்டும் 150 மில்லிமீற்றர் இறங்க எத்தினை அடி எண்டு. முதலாவதை விட்டிட்டு மற்ற ரெண்டையும் கூட்டினாத்தான் N. அந்த மூண்டு கட்டத்திலயும் என்ன கிடக்கு எண்டு பாத்துச் சொல்லுங்கோ.

நாவலை சைட்காரன்

2, 5, 12 அண்ணை. பக்கத்தில ரிமார்க்ஸில மரத்துண்டு எண்டு சின்னனா எழுதிக் கிடக்கு.

பழைய டிரில்லர்

அப்ப வேற என்ன வேணும். 63.5 கிலோ சுத்தியல் 760 மில்லிமீற்றர் உயரத்தில இருந்து விழுகுது, மேலயும் கீழயும் ஒரு அடி ரெண்டு அடியில இறங்கிற மண் நடுவில மட்டும் திடீரெண்டு 12 கேக்குது எண்டா ஏதோ கட்டியில முட்டியிருக்கு. கொழும்புச் சதுப்பில புதைஞ்ச மரம் வாறது புதினமில்லை, ஒருக்கா குழாய்க்குள்ள இருந்து வேர்த்துண்டு முழுசா வந்தது. அந்த 17 மண்ணின்ர பலம் இல்லை, மரத்தின்ர பலம். அதை வெட்டிப்போட்டா மிச்சம் 1உம் 2உம். ஓம், நூறு வீதம் மரம்தான் எண்டு நான் சத்தியம் பண்ணமாட்டன், சாம்பிள் பெட்டியைத் திறந்து பாத்தா தெரியும், வைச்சிருக்கினமோ தெரியாது.

தெஹிவளை வீட்டம்மா

நான் என்ஜினியர் இல்லை, மன்னிக்கோணும். எங்கட வீடு கபொக் நிலம், ரெண்டு மாடி, போன மழைக்குப் பிறகு குசினிச் சுவர்ல படிக்கட்டு மாதிரி வெடிப்பு ஓடியிருக்கு. 150 எண்டா எங்களுக்குக் காணுமா? சொயில் ரிப்போட் எடுக்க எவ்வளவு வரும்?

கான்கிரீட் காக்கா

அக்கா, கபொக்ல உங்கட ரெண்டு மாடிக்கு 150 தாராளம், ஆனா வெடிப்பு ஏன் எண்டது வேற கேள்வி. கிட்ட குழி, ஒழுகிற பைப் எதுவும் இருக்கா எண்டு முதல்ல பாருங்க.

சைட்காரத் தம்பிக்கு, இதுக்கு ஏன் இவ்வளவு யோசிக்கிறீங்க, கட்டடம் முழுக்க அடியில ஒரே தட்டா ராஃப்ட் போடுங்க முடிஞ்சு. பாரம் பரவிப் போயிரும், நான் ராஜகிரியப் பக்கம் ரெண்டு வீட்டுக்கு ராஃப்ட் போட்டேன், இன்டைக்கும் ஆடாம நிக்குது.

ஸ்ட்ரக்சர் அக்கா

காக்கா சொல்றதில பாதி சரி, பாரம் பரவும். மிச்சப் பாதிக்குக் கணக்குப் பாப்பம். அந்த மூலைத் தூணில 480 கிலோ நியூட்டன், ஃபூட்டிங் 1.8க்கு 1.8 எண்டு வைச்சா அடியில ஏறக்குறைய 148, ட்ரோயிங் பாஸாகுது. ஃபூட்டிங் அடி பழைய தரையில இருந்து 1.5, பீற் தொடங்கிறது 3, நடுவில 1.5 மீற்றர் மண்தான். ரெண்டுக்கு ஒண்டு எண்டு பரவுது எண்டு எடுத்தா அந்த 1.8 பீற்றின்ர தலையில 3.3 ஆகும், 480ஐ 3.3 வர்க்கத்தால பிரிச்சா 44. இனி N 1, 2 எண்டு வாற பீற்றின்ர வெட்டு வலிமை பத்துக் கிலோ நியூட்டன் அளவெண்டு எடுத்தா, அதை 5.14ஆல பெருக்கிக் காப்புக் காரணி 3ஆல பிரிச்சுப் பாக்க அது தாங்கிறது 17க்குக் கிட்ட. N வேல்யூவில இருந்து வலிமை எடுக்கிறது இவ்வளவு இளக்கமான மண்ணில பருமட்டு வேலைதான், ஆனா இரண்டு மடங்குக்கு மேல வித்தியாசம், பருமட்டு எண்டு சொல்லித் தப்பேலாது.

இதில ஓனர் போட்ட 0.9 மீற்றர் கிரவலைச் சேக்கவேயில்லை. அது மட்டும் சதுர மீற்றருக்கு 16 கிலோ நியூட்டன், காணி முழுக்க, இப்பவே பீற்றை அமுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

ராஃப்ட்டுக்கு வாறன். பாரம் அகலமாப் போனா அது ஆழத்துக்கும் போகும், 3 மீற்றர்ல அவ்வளவு குறையாது. அதோட இங்க பீற் ஒரு மூலையில மட்டும் இருக்கு. மூண்டு மூலை நிக்க ஒரு மூலை வருசக்கணக்கா இறங்கினா ராஃப்ட் வெடிக்காது, கட்டடத்தோட சேந்து சரியும். காக்காட வீட்டுக்கு அடியில பீற் எல்லாப் பக்கமும் ஒரே தடிப்பா இருந்திருக்கலாம், அல்லாட்டி இல்லாமலே இருந்திருக்கலாம். லொக் இருக்கா?

கான்கிரீட் காக்கா

லொக் எல்லாம் அந்தக் காலத்தில யாரு எடுத்தா. சரி, சரிவு மேட்டரை நான் யோசிக்கல்ல.

பழைய டிரில்லர்

தண்ணி மட்டத்தையும் நம்பாதேங்கோ. தண்ணி அடிச்சுக் கிண்டினாத் துளை முழுக்க எங்கட தண்ணிதான் நிக்கும், அண்டைக்குப் பின்னேரம் அளந்து எழுதினா அது எங்கட தண்ணியின்ர மட்டம். அடுத்த நாள் காலமை அளந்ததா எண்டு திகதியைப் பாருங்கோ.

நாவலை சைட்காரன்

பாத்தன் அண்ணை, அதே நாள் திகதிதான் கிடக்கு.

இப்பத்தைய நிலவரம்: கால்வாய்ப் பக்கம் வேலை நிக்குது, இன்னும் ரெண்டு போர்ஹோல் போட்டம். ஒண்டில பீற் 2.6ல தொடங்குது, மற்றதில இல்லவே இல்லை, ரெண்டுக்கும் இடையில பதினொரு மீற்றர்தான். பைலுக்கு விலை கேட்டாச்சு, ஓனர் மூலைக்கு மட்டும் பைல் போட்டாக் காணாதோ எண்டு கேக்கிறார்.

ஸ்ட்ரக்சர் அக்கா

பாதி பைல்ல, பாதி ஃபூட்டிங்ல எண்டா நடுவில மூட்டு விட்டு ரெண்டு கட்டடமா யோசிக்க வேணும். பைல் போட்டாலும் அந்தக் கிரவலால பீற் கீழ இறங்கேக்க பைலைப் பிடிச்சுக் கீழ இழுக்கும், அந்தப் பாரத்தையும் சேத்துத்தானா விலை தந்தவை எண்டு கேளுங்கோ.

நாவலை சைட்காரன்

கேட்டனான் அக்கா. கிரவல் போட்டதே தங்களுக்குத் தெரியாதாம்.