ஒரே கீபோர்டு, இரண்டு கணினி: எழுத்துகள் தாமதமாக வருகின்றன

வணக்கம். மதுரை கோரிப்பாளையத்தில் பக்க வடிவமைப்பு வேலை செய்கிறேன். விண்டோஸ் கணினியில் செருகிய கீபோர்டையே, இன்புட் லீப் மென்பொருள் வழியாக லினக்ஸ் மடிக்கணினிக்கும் பயன்படுத்துகிறேன். அங்கே வேகமாகத் தட்டினால் எழுத்துகள் சற்று நின்று, பிறகு மொத்தமாக வந்து விழுகின்றன.

மடிக்கணினிக்கு பிங் ஓட்டிப் பார்த்தேன். பெரும்பாலும் 4 மில்லி விநாடி. இடையிடையே 200-ஐத் தாண்டுகிறது. எழுத்து நிற்பதும் அப்போதுதான். ஆக, குற்றவாளி வைஃபை. மடிக்கணினியில் அதன் மின்சேமிப்பை அணைத்தேன்:

```
sudo iw dev wlan0 set power_save off
```

தாமதம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் மாலையில், அக்கம்பக்கத்துக் கடைகளின் வைஃபையும் நெரியும்போது, மறுபடி தலைகாட்டுகிறது.

இரண்டையும் லேன் கேபிளால் நேரடியாக இணைத்து, 10.0.0.1, 10.0.0.2 என முகவரி தந்து, கேட்வேயைக் காலியாக விடலாம் என்றிருக்கிறேன். இணையம் வைஃபையிலேயே தொடர வேண்டும். இப்படி அமைத்தவர்கள் உண்டா?

நண்பர் கேவிஎம் ஸ்விட்ச் வாங்கச் சொல்கிறார். எமுலேஷன் இல்லாத வகையில், ஒவ்வொரு முறை மாற்றும்போதும் கணினி கீபோர்டைப் புதிதாக அடையாளம் காண வேண்டும். ஓயாமல் மாற்றுகிற எனக்கு அது சரிப்படாது. எமுலேஷன் உள்ளதைப் பயன்படுத்துவோர், அதில் ஷார்ட்கட் விசைகள் ஒழுங்காகப் போகின்றனவா என்று சொல்லுங்கள்.