mtr-இல் 7வது ஹாப்பிலிருந்து 6% இழப்பு: போகும் வழியிலா, திரும்பும் வழியிலா?

பத்து நாளாக இரவு 8 முதல் 11 மணி வரை வீடியோ அழைப்பில் குரல் அறுந்து அறுந்து வருகிறது. லினக்ஸ் லேப்டாப், கேபிள் இணைப்பு, வைஃபை கிடையாது. ரௌட்டரையும் கேபிளையும் மாற்றிப் பார்த்தாயிற்று.

இரவில் இதை ஓட்டினேன்:

```
mtr -n -r -w -c 500 203.0.113.20
```

(முகவரியை மட்டும் மாற்றியிருக்கிறேன்.) 4வது ஹாப்பில் 70% இழப்பு. பார்த்ததும் இதுதான் குற்றவாளி என்று நினைத்து, சேவை நிறுவனத்திடம் புகாரும் கொடுத்துவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது: 5, 6 இரண்டிலும் 0%. அவற்றுக்குப் போகும் பாக்கெட்டுகள் 4ஐத் தாண்டித்தானே போகின்றன! அந்த ரௌட்டர் தன் பதில்களை மட்டும் அளவோடு அனுப்புகிறது, அவ்வளவுதான். காலையில் ஓட்டினாலும் அங்கே அதே 70%, ஆனால் அழைப்பு தெளிவாக இருக்கிறது.

7வது ஹாப் கதை வேறு. இரவில் அங்கே 6%, அதற்குப் பின் 8, 9, கடைசி சர்வர் வரை 5 அல்லது 6%. காலையில் எல்லாம் 0%. ஐசிஎம்பியை மட்டும் குறைக்கிறார்களோ என்று `-T -P 443` சேர்த்தும் பார்த்தேன். சர்வரில் அதே இழப்பு. ஆக, இது நிஜ இழப்பு.

ஆனால் 7க்கு அப்பாலிருந்து வரும் பதில்கள் வேறு பாதையில் திரும்பலாம். அந்த சர்வர் என்னுடையது அல்ல, எதிர்முனையிலிருந்து mtr ஓட்ட வழியில்லை.

என் பக்கத்திலிருந்து மட்டும் சோதித்து, இழப்பு போகும்போதா திரும்பும்போதா என்று பிரித்தறிய என்ன வழி?