கேட்காத சேவைக்குக் கட்டணம்: கடிதத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவின் போஸ்ட்பெய்டு பில்லில் மூன்று மாதங்களாகக் காலர் டியூனுக்கு 49 ரூபாயும் கேம் பேக்குக்கு 30 ரூபாயும் ஏறுகின்றன. ஜிஎஸ்டியோடு மாதம் 93.22, மொத்தம் 279.66 ரூபாய். அம்மாவுக்குப் பச்சைப் பொத்தானும் சிவப்புப் பொத்தானும் போதும். அவருக்கு எதற்கு கேம் பேக்?

155223-ஐ அழைத்துச் சேவைகளை நிறுத்திவிட்டேன். பழைய பணத்தைப் பற்றிக் கேட்டால், "நீங்கள்தான் ஒப்புதல் கொடுத்தீர்கள்" என்கிறார்கள். இத்தகைய சேவையைத் தொடங்க வாடிக்கையாளர் இரண்டு முறை உறுதி செய்திருக்க வேண்டும் என்பது டிராய் 2013-இல் பிறப்பித்த உத்தரவு. ஆகவே கடிதத்தின் நடுப்பகுதியை இப்படி எழுதியிருக்கிறேன்:

"இச்சேவைகளை நாங்கள் கோரவில்லை. இரண்டு ஒப்புதல்களும் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எவ்வழியில் பெறப்பட்டன என்ற பதிவைத் தரவும். இல்லையேல் வரி உட்பட 279.66 ரூபாயைத் திருப்பி வரவு வைத்து, சேவைகள் நீக்கப்பட்டதையும் நிலுவை ஏதுமில்லை என்பதையும் எழுத்துபூர்வமாக உறுதிசெய்யவும்."

புகார் எண்ணையும் பில் நகல்களையும் இணைக்கிறேன். இரண்டு சந்தேகங்கள். இதை நேரடியாக மேல்முறையீட்டு அதிகாரிக்கு அனுப்பலாமா, முதல் புகாருக்குப் பதில் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? இந்த மாத பில்லில் தகராறுத் தொகையைக் கழித்துக் கட்டினால் இணைப்பைத் துண்டிப்பார்களா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.