ஆர் ஸ்கொயர் 0.99 என்று போட்டிருந்த பேப்பரும் லஸ்கர் சொன்ன கணக்கும்

முதுநகர்:
போன நவம்பரில் மழை விட்டும் விடாமலும் பெய்துகொண்டிருந்த ஒரு நாள், மேலதிகாரி ஒரு பேப்பரை அச்செடுத்து என் மேசையில் வைத்தார். ஏதோ ஒரு வெளிநாட்டு நீர்த்தேக்கத்தின் நாளைய மட்டத்தை இன்றே சொல்லிவிடும் மாடல், கணிப்பு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் ஆர் ஸ்கொயர் 0.99, ஒன்று என்றால் முழுப் பொருத்தம். "வீராணத்துக்கு இதையே போட்டுப் பார்க்கலாமா, படித்துச் சொல்லுங்க" என்றார். எனக்கு மெஷின் லேர்னிங் தொழில் இல்லை, கொஞ்சம் பைத்தான் தெரியும், அவ்வளவுதான்.

படித்துக்கொண்டே போகும்போது பழைய லஸ்கர் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். ஏரிக்கரையில் அளவுகோலைப் பார்த்துக் குறித்துவைப்பதுதான் அவர் வேலை. நாளைக்கு எவ்வளவு இருக்கும் என்று கேட்டால், "இன்னைக்கு இருக்கிறதுதான், ஒரு விரற்கடை கூடக்குறைய இருக்கும்" என்பார். ஏரி மட்டம் பெரும்பாலான நாள் அப்படித்தான், மெதுவாகத்தான் நகரும். சரி, அவர் சொன்னதையே ஒரு மாடலாக வைத்தால் அதற்கு ஆர் ஸ்கொயர் எவ்வளவு வரும்? முதலில் ஏரியே இல்லாமல், வெறும் தற்செயல் எண்களைக் கூட்டிக்கொண்டே போய்ப் பார்த்தேன்:

```python
import numpy as np
y = np.cumsum(np.random.randn(600))
e = y[1:] - y[:-1]
print(1 - e.var() / y[1:].var())
```

ஓட்டும்போதெல்லாம் கொஞ்சம் மாறுகிறது, ஆனால் பெரும்பாலும் 0.98, 0.99 பக்கம்தான் நிற்கிறது. யாராலும் கணிக்கவே முடியாத எண்களுக்கு "நேற்றையதே இன்று" என்று சொன்னாலே இவ்வளவு! அப்படியென்றால் அந்த 0.99-ஐ வைத்து எதையும் சொல்ல முடியாது, பிழை எத்தனை சென்டிமீட்டர் என்றுதான் பார்க்க வேண்டும்.

பேப்பரில் டெஸ்டுக்கு 600 நாள். எஸ்விஆர் 9 செ.மீ., சாதா நியூரல் நெட் 8, அவர்களுடைய மாடல் 2.1 என்று அட்டவணை. தரவு இணையத்திலேயே கிடந்தது, எடுத்து லஸ்கர் கணக்கைப் போட்டேன், 5.5 வந்தது. தோற்றதாகக் காட்டிய இரண்டும் ஒன்றும் செய்யாமல் சும்மா இருப்பவரிடமே தோற்கின்றன. அந்த இரண்டையும் சரியாகப் பயிற்றவே இல்லை என்றுதான் தோன்றுகிறது, லஸ்கர் வரிசையோ அட்டவணையில் எங்கேயும் இல்லை.

ஆனாலும் 2.1 என்பது 5.5-ஐவிட ரொம்பக் குறைவுதானே. அங்கேதான் மாட்டிக்கொண்டேன். எங்கேயாவது டேட்டா லீக் ஆகியிருக்குமோ என்று சந்தேகம். இதுபோலப் பார்த்தவர்கள் இருந்தால் உங்கள் கதையைச் சொல்லுங்கள்.

வில்லியனூர்:
டேட்டா லீக் ஆனதைப் பற்றியா? என் செல் நம்பரை யாரோ விற்றுவிட்டார்கள், தினம் நாலு லோன்காரன் கூப்பிடுகிறான். அதற்கு எங்கே புகார் கொடுப்பது?

முதுநகர்:
அந்த லீக் இல்லைங்க. பரீட்சைக் கேள்வி முன்னாலேயே வெளியே போகிற மாதிரியான லீக்.

நெல்லிக்குப்பம்:
நானும் ஒரு பேப்பரில் இதைப் பிடித்திருக்கிறேன். மின்சாரத் தேவைக் கணிப்பு, நாட்களைக் குலுக்கிப் போட்டு டெஸ்ட் எடுத்திருந்தார்கள். செவ்வாய் பயிற்சியில், புதன் டெஸ்டில், வியாழன் மறுபடி பயிற்சியில் என்று கிடந்தால் நடுவில் இருப்பதை நிரப்புவது பெரிய விஷயமா? உங்கள் பேப்பரிலும் குலுக்கியிருப்பார்கள். பழைய வருடங்கள் பயிற்சிக்கு, கடைசி வருடங்கள் டெஸ்டுக்கு என்று வரிசையாகப் பிரித்துவிட்டால் கசிவே இருக்காது.

முதுநகர்:
வரிசையாகத்தான் பிரித்திருக்கிறார்கள், அதைத் தனியாக ஒரு பத்தி போட்டுச் சொல்லியும் இருக்கிறார்கள்.

லாஸ்பேட்டை:
பிரிப்பதற்கு முன்னால் தரவை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். முறையை விளக்கும் படத்தில் முதல் பெட்டியில் விஎம்டி, இஎம்டி, வேவ்லெட் என்று ஏதாவது இருக்கிறதா?

முதுநகர்:
விஎம்டி. ஒரு வரிசையை எட்டுத் துண்டு அலையாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி எல்எஸ்டிஎம் நியூரல் நெட். அம்புக்குறி போட்டு அதற்கு அடுத்த பெட்டியில்தான் பயிற்சி, டெஸ்ட் என்று பிரிகிறது.

லாஸ்பேட்டை:
அப்போது அங்கேதான் ஓட்டை. நான் ஒருமுறை இதே மாதிரி நீரோட்டக் கணிப்பு ஒன்றில் ஒரு மாதம் வீணடித்தேன், அதனால் இந்தப் படத்தைப் பார்த்தாலே கை அரிக்கும். விஎம்டி முழு வரிசையையும் ஒன்றாக வைத்துக்கொண்டுதான் அலைகளைப் பிரிக்கிறது. இன்றைய தேதியில் ஒரு துண்டின் மதிப்பு என்ன என்று முடிவு செய்ய, நேற்றையதைப் போலவே நாளையதையும் பார்த்துக்கொள்கிறது. அந்தத் துண்டை வாங்கிக்கொண்டு நாளையதைச் சொல்லும் மாடலுக்குப் பாதி விடை கையிலேயே இருக்கிறது. அப்புறம் வரிசையாகப் பிரித்து என்ன பயன், நெல்லிக்குப்பம்? குலுக்காமலிருப்பது அவசியம்தான், ஆனால் அதோடு முடிவதில்லை.

இரண்டு சோதனை செய்யுங்கள். முதல் 1000 நாளை மட்டும் பிரித்து 1000-ஆவது நாளின் துண்டுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு 1010 நாளைக் கொடுத்துப் பிரித்து, அதே 1000-ஆவது நாளைப் பாருங்கள். எண் மாறியிருந்தால், நடந்து முடிந்த நாளின் மதிப்பில் வராத நாட்கள் கலந்திருக்கின்றன. இரண்டாவது, நீங்கள் மேலே போட்ட தற்செயல் வரிசையை அவர்கள் முறைக்குக் கொடுங்கள். அதில் "நேற்றையதே இன்று" என்பதைவிட நன்றாக எதுவும் சொல்ல முடியாது, பிழை 1 பக்கம் நின்றாக வேண்டும். அதற்கு ரொம்பக் கீழே போனால், மாடல் எங்கேயோ விடையைப் பார்த்திருக்கிறது.

பண்ருட்டி:
நான் செய்தது முந்திரி இலை நோயைப் படத்தில் கண்டுபிடிக்கும் மாடல். ஒரே இலையைத் திருப்பித் திருப்பி ஆறு படம் எடுத்துவிட்டு, படங்களைக் குலுக்கிப் பிரித்தேன், 98 சதவீதம் வந்து கூத்தாடினேன். மரம் வாரியாகப் பிரித்ததும் 71-க்கு வந்தது. பிளாண்ட்வில்லேஜ் என்ற இலை நோய்ப் படத் தொகுப்பிலும் 2016-இல் 99.35 சதவீதம் வந்த மாடல், வேறு இடத்துப் படங்களைக் காட்டியபோது 31 சதவீதத்துக்கு இறங்கியதை அந்தப் பேப்பரை எழுதியவர்களே சொல்லியிருக்கிறார்கள். இத்தனைக்கும் அவர்கள் ஒரே இலையின் படங்களைப் பிரியாமல் வைக்க முயற்சி எடுத்தவர்கள். ஆக, எல்லாமே கசிவு.

லாஸ்பேட்டை:
கடைசி வார்த்தையை மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். உங்களுடையது கசிவு. அவர்களுடையதில் பெரும்பகுதி, ஆய்வுக்கூடத்து வெற்றுப் பின்னணியில் எடுத்த படத்துக்கும் வெளிப்படத்துக்கும் உள்ள வித்தியாசம். இரண்டும் எண்ணை ஊதிப் பெரிதாக்கும், ஆனால் வைத்தியம் வேறு.

முதுநகர்:
இரண்டு ராத்திரி ஆகிவிட்டது. 1000-ஆவது நாள் சோதனையில் எண்கள் மாறின, வேகமாக ஆடும் துண்டுகளில்தான் அதிகம். தற்செயல் வரிசையில் அவர்கள் முறை 0.45 பிழைதான் கொடுத்தது, பார்த்ததும் சிரித்துவிட்டேன். பிறகு நாளுக்கு நாள், அன்றுவரை உள்ள தரவை மட்டும் கொடுத்துப் பிரித்து, பயிற்சியையும் அப்படியே மாற்றி ஓட்டினேன். லேப்டாப் மின்விசிறி கதறியது. பிழை 5.7, லஸ்கருக்கு 5.5.

ஒரு விஷயம் மட்டும் உறுத்துகிறது. மட்டம் சடாரென்று ஏறிய ஐந்து நாளை மட்டும் தனியாக எடுத்தால், பிழை லஸ்கருக்கு 31, திருத்திய மாடலுக்கு 26. நமக்கு வேண்டியது அந்த நாட்கள்தானே?

நெல்லிக்குப்பம்:
அப்போது மாடல் ஜெயித்துவிட்டதே.

லாஸ்பேட்டை:
ஐந்து நாளை வைத்து ஜெயித்தது என்று நான் சொல்ல மாட்டேன், தோற்றது என்றும் சொல்ல மாட்டேன். அதுவும் எந்த ஐந்து என்று விடையைப் பார்த்த பிறகுதானே பிரித்தீர்கள்? மேலே பெய்த மழையையும் திறந்துவிட்ட தண்ணீரையும் மட்டும் வைத்து ஒரு எளிய ரிக்ரஷன் போட்டுப் பாருங்கள், அந்த நாட்களுக்கு லஸ்கரைவிட அதுதான் சரியான போட்டி.

முதுநகர்:
மழைத் தரவு அந்தப் பேப்பரோடு இல்லை, தேடிப் பார்க்கிறேன். மேலதிகாரி திங்கட்கிழமை கேட்பார், 5.5, 5.7 இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன்.

வில்லியனூர்:
லோன்காரனுக்கு யாராவது பதில் சொல்லுங்கப்பா.