ஐயாவின் வாழ்த்துரையை வாசிப்பது எப்படி?

வாட்ஸ்அப் குழு: சுங்கை சிப்புட் குடும்பம்

கவிதா: ஞாயிற்றுக்கிழமை நடக்கும் மாலை வகுப்பு ஆண்டு விழாவுக்கு ஐயாவால் வர முடியாது. முழங்கால் அறுவைச் சிகிச்சை முடிந்து ஈப்போவில் இருக்கிறார். நான்கு பக்க வாழ்த்துரை அனுப்பியிருக்கிறார், நான்தான் வாசிக்க வேண்டுமாம். வகுப்பைத் தொடங்கியவரே பேசுவதுபோல் இருக்க என்ன செய்வது?

குமரன்: "நான் தொடங்கியபோது" என்று வாசித்தால் நீ தொடங்கியதாகப் பிள்ளைகள் நினைப்பார்கள். எல்லா "நான்"-ஐயும் "ஐயா" என்று மாற்றிவிடு.

பெரிய மாமா: மாற்றாதே, அம்மா. மாற்றினால் அவர் பேசுவதாக இருக்காது, அவரைப் பற்றிய செய்தியாகிவிடும். குமரன் சொல்லும் குழப்பத்தை முன்னுரையில் தீர்த்துவிடலாம். யார் எழுதியது, எங்கிருந்து, ஏன் வரவில்லை என்று மூன்றே வாக்கியம் சொல். பிறகு இரண்டு மூச்சு நேரம் பேசாமல் நில். அதன்பின் "நான்" என்றால் யார் என்பது கடைசி வரிசைக்கும் தெரியும்.

மல்லிகா அத்தை: என் மகள் திருமணத்தில் வாழ்த்து வாசித்தவர், எழுதியவரின் குரலிலேயே பேசிக் காட்டினார். கூட்டம் சிரித்துவிட்டது, எனக்கு இன்னும் வருத்தம். மேடையில் ஐயாவின் படத்தை வைத்து மாலை போடலாமே?

பெரிய மாமா: வேண்டாம், மல்லிகா. மாலை போட்ட படத்தைப் பார்த்தால் காலமாகிவிட்டாரோ என்று கேட்பார்கள். கவிதா, உன் குரலிலேயே வாசி. நான்கு பக்கத்தில் எத்தனை சொல்?

கவிதா: 800 இருக்கும். முதல் பக்கம் முழுக்க டத்தோ, மாண்புமிகு என்று விளிப்புகள். "உங்கள் முன் நிற்பதில் மகிழ்கிறேன்" என்றும் ஒரு வரி இருக்கிறது.

பெரிய மாமா: மேடையில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90 சொல்தான் போகும். 800 சொல்லுக்கு ஒன்பது நிமிடம். எழுதியவர் எதிரில் இல்லாதபோது கூட்டம் அவ்வளவு நேரம் பொறுக்காது. மூன்று நிமிடத்துக்கு 270 சொல் போதும். ஆனால் நீயாக வெட்டாதே, ஐயாவைக் கேட்டு வெட்டு. விளிப்புகளை அறிவிப்பாளர் முன்பே சொல்லிவிடுவார். "முன் நிற்பதில்" என்ற வரியையும் ஐயாவே மாற்றித் தரட்டும்; இல்லாவிட்டால் அந்த ஒரு வரியே அவர் வராததை நினைவூட்டிவிடும்.

கவிதா: மூன்றாம் பக்கத்தில், "பால்மரம் வெட்டிவிட்டு வந்து லயத்து வாசலில் பிள்ளைகளுக்குக் காவலிருந்த அம்மாக்களே" என்று எழுதியிருக்கிறார்.

பெரிய மாமா: அதுதான் உரையின் உயிர், அதைத் தொடாதே! அந்த அம்மாக்களை முன்வரிசையில் உட்கார வை. அந்த வரியை மனப்பாடம் செய்து, தாளிலிருந்து தலை தூக்கி அவர்களைப் பார்த்துச் சொல். மற்ற இடங்களில் தாளைப் பார்த்தே வாசிக்கலாம். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் அச்சிடு. ஒரு வாக்கியம் இரண்டு தாளில் பிரியக் கூடாது.

குமரன்: ஐயாவின் குரலையே பதிவு செய்து ஒலிக்கச் செய்தால்?

பெரிய மாமா: போனை மைக்கருகே பிடித்தால் அந்தத் தகரக் கூரை மண்டபத்தில் ஒன்றும் புரியாது. கம்பி வழியாக ஒலிபெருக்கியோடு இணைத்தால் கேட்கும்.

மல்லிகா அத்தை: உடம்பு முடியாதவரைப் பேசச் சொல்லாதீர்கள்!

கவிதா: ஐயாவிடம் பேசிவிட்டேன். உரையைச் சுருக்கச் சம்மதித்துவிட்டார். குரல் பதிவு பற்றி நாளை சொல்கிறாராம்.

பெரிய மாமா: நல்லது. கடைசியில் அவர் பெயரையும் ஊரையும் தேதியையும் வாசித்துவிட்டு இறங்கிவிடு. உன் நன்றியை அதோடு சேர்க்காதே.